படத்தில் இருப்பது வீணையா, சிதாரா, தம்புராவா?

படத்தில் இருப்பது வீணையா, சிதாரா, தம்புராவா என்று எதை வைத்துச் சொல்வது? மூன்றிலும் ஒரு முனையில் உருண்டையாகக் குடம், அதிலிருந்து நீளமாக ஒரு கழுத்து. கிட்டார் மாதிரி இருப்பவற்றிலும் எது எது என்று பிடிபடவில்லை.

குடத்தைப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. முதலில் கழுத்தைப் பாருங்கள். அதன் மேல் மெட்டு, அதாவது சுரம் பிடிக்கக் கழுத்தின் குறுக்கே வரிசையாக வைக்கும் உலோகக் கம்பி, இருக்கிறதா, இருந்தால் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பாதிக்கும் மேற்பட்ட படங்களுக்கு அந்த ஒரு கேள்வியே போதும். குடம், சுரைக்காய், வீணையின் தலைமுனையில் இருக்கும் யாளி முகம் எல்லாம் அதன் பிறகு, உறுதிப்படுத்திக்கொள்ள.

குடம் ஏன் ஏமாற்றுகிறது என்றால், தம்புராவுக்குத் தனக்கென்று ஒரே உருவம் கிடையாது. தஞ்சாவூர்த் தம்புராவின் குடம் வீணையைப் போலவே பலாமரத்தில் குடைந்தது. வெளிப்புறத்தில் மேலிருந்து கீழாக ஓடும் வெள்ளைக் கோடுகளும் இரண்டிலும் இருக்கலாம். மகாராஷ்டிரத்து மிரஜ் நகரில் செய்யப்படும் தம்புராவோ பெரிய காய்ந்த சுரைக்குடுக்கையால் ஆனது. கீழ்ப்பாதியை மட்டும் வெட்டிக் காட்டினால் சிதார் என்று சொல்லத் தோன்றும். ஆகவே குடத்தை மட்டும் பார்ப்பவர் ஒரு தம்புராவை வீணை என்றும் இன்னொரு தம்புராவைச் சிதார் என்றும் சொல்லிவிட்டுப் போவார். கழுத்தைப் பார்ப்பவருக்கு இரண்டும் தம்புராதான். மேலிருந்து கீழ்வரை வழுவழுப்பான மரம், அதன் மேல் வழக்கமாக நான்கு தந்திகள், குறுக்கே எதுவும் இல்லை. சுருதி கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. கழுத்தில் விரல் வைத்துச் சுரம் பிடிப்பதில்லை, அதனால் மெட்டுக்குத் தேவையே இல்லை. ஐந்து, ஆறு தந்தித் தம்புராக்களும் உண்டு என்பதால் தந்தியின் எண்ணிக்கையைத் துணைச் சான்றாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மெட்டு உள்ளவை. வீணையின் மெட்டு, தண்டி எனப்படும் அதன் கழுத்தின் மரத்தில் நேரடியாகப் பதிந்திருப்பதில்லை. தண்டியின் இரு ஓரங்களிலும் கரித்தூள் கலந்த கருப்பு மெழுகு இரண்டு வரப்புகளைப் போல ஓடும். அந்த இரண்டு வரப்புகளுக்கும் குறுக்கே, ஏணிப்படி மாதிரி, பித்தளை அல்லது வெண்கல மெட்டுகள் உட்கார்ந்திருக்கும். மொத்தம் 24, ஒரு ஸ்தாயிக்கு 12 வீதம் இரண்டு ஸ்தாயி. புகைப்படத்தில் இது எப்படித் தெரியும் என்றால், பழுப்பு நிறத் தண்டியின் மேல் இரண்டு தடித்த கருங்கோடுகள், நடுவே பொன்னிறக் குறுக்குக் கோடுகள். படம் மிகச் சிறியதாக இருந்து மெட்டுகள் ஒன்றோடொன்று கலங்கிவிட்டாலும், அந்தக் கருங்கோடுகள் மிஞ்சும். வீணைக்கு நான் முதலில் தேடும் அடையாளம் அதுதான். யாளி முகம் அல்ல. யாளி படத்தின் ஓரத்தில் வெட்டுப்பட்டுப் போவது அடிக்கடி நடக்கும்.

சிதாரில் மெழுகு கிடையாது. மெட்டுகள் வில்லைப் போல மேல்நோக்கி வளைந்த உலோகக் கம்பிகள். ஒவ்வொன்றும் கழுத்தைச் சுற்றி நூலால் கட்டப்பட்டிருக்கும். வாசிப்பவர் ராகத்துக்கு ஏற்பச் சிறிது நகர்த்திக்கொள்ளலாம். வளைவுக்கும் கழுத்துக்கும் நடுவே இடைவெளி இருக்கும், அதன் வழியே அனுநாதத் தந்திகள், அதாவது தரப், ஓடும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் மெட்டுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால், அல்லது கழுத்தின் முதுகில் மெல்லிய நூல் வளையங்கள் வரிசையாகத் தெரிந்தால், வேறெதுவும் பார்க்காமலே வீணையை விலக்கிவிடலாம். சிதாரில் மெட்டுகள் 19 அல்லது 20 இருப்பது வழக்கம்.

அந்த 20-க்கும் வீணையின் 24-க்கும் உள்ள வித்தியாசம் எண்ணுவதற்கு மட்டுமல்ல, கண்ணால் பார்ப்பதற்கும் உதவும். வீணையில் ஒவ்வொரு அரைச் சுரத்துக்கும் ஒரு மெட்டு இருப்பதால், இடைவெளிகள் யாளிப் பக்கத்திலிருந்து குடத்துப் பக்கமாகச் சீராகக் குறுகிக்கொண்டே வரும். கிட்டாரிலும் அப்படியே. ஒலிக்கும் தந்தியின் நீளம் 65 செ.மீ. உள்ள கிட்டாரை எடுத்துக்கொண்டால் முதல் இடைவெளி சுமார் 3.6 செ.மீ.; பன்னிரண்டாவது இடைவெளி சுமார் 1.9 செ.மீ. நடுவில் உள்ளவை எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையே படிப்படியாக இறங்கும். பன்னிரண்டாவது மெட்டு தந்தியின் சரிபாதியில் விழும். சிதாரிலோ எல்லா அரைச் சுரத்துக்கும் தனி மெட்டு இல்லை; சிலவற்றை விட்டுவிட்டு, வேண்டும்போது பக்கத்து மெட்டை நகர்த்தியோ தந்தியை இழுத்தோ அந்தச் சுரத்தைப் பிடிப்பார்கள். அதனால் இடைவெளிகள் சீராகக் குறுகாது. அகலமாக ஒன்று, நெருக்கமாக ஒன்று, மறுபடி அகலம் என்று ஏறி இறங்கும்.

இந்தச் சோதனையை நான் பெரிதும் நம்புவதற்குக் காரணம், கேமரா இதைக் கெடுக்க முடியாது. சாய்வாக எடுத்த படத்தில் தூரத்து முனை சுருங்கும், கிட்ட உள்ள முனை விரியும். அளந்து கணக்குப் போட்டால் பன்னிரண்டாவது மெட்டு பாதியில் வராது. ஆனால் அந்தச் சுருக்கமும் விரிவும் ஒரே போக்கில்தான் நடக்கும். சீரான வரிசையை அகலம், நெருக்கம், அகலம் என்று கேமராவால் மாற்ற முடியாது. ஆகவே அடுத்தடுத்து ஐந்தாறு இடைவெளிகள் தெளிவாகத் தெரிந்தால் போதும். அவை ஒரே போக்கில் மாறுகின்றனவா, மாறி மாறி வருகின்றனவா என்று பாருங்கள். மாறி மாறி வந்தால் சிதார், அல்லது அதன் குடும்பத்துக் கருவி.

அடுத்து ஆணிகள். தந்தியை முறுக்கும் இவற்றைப் பிரடை என்றும் சொல்வார்கள். சிதாரின் கழுத்தின் ஒரு பக்கத்தில் சின்னச் சின்னப் பிரடைகள் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும். அனுநாதத் தந்திகளுக்கானவை, 11 முதல் 13 வரை. சீப்பின் பற்கள் மாதிரி இருக்கும் அந்த வரிசை, நிழலுருவப் படத்தில்கூடத் தெரியும். வீணையில் அப்படி ஒரு வரிசை கிடையாது. நான்கு வாசிப்புத் தந்திகளின் பிரடைகள் யாளியை ஒட்டி இருக்கும். மூன்று தாளத் தந்திகளின் பிரடைகள் மட்டும் தண்டியின் ஒரு பக்கத்தில், ஒன்றுக்கொன்று தள்ளி நிற்கும். மொத்தம் ஏழுதான். தம்புராவில் நான்கு தந்திக்கு நான்கு, எல்லாம் தலைப்பக்கத்திலேயே முடிந்துவிடும். கழுத்தின் நடுவே எதுவும் நீட்டிக்கொண்டிருக்காது.

மிக அதிகமாகத் தவறு நடக்கும் ஒரு படத்தை எடுத்துப் பார்ப்போம். மேடையில் ஒருவர் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறார். மடியில் நீளமான கருவி. அதற்கு இரண்டு உருண்டைகள்: கீழே பெரியது, மேலே கழுத்தின் பின்புறம் சிறியது. தலைப்பகுதியை மைக் மறைக்கிறது. இதற்கு 'வீணை' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள், ஏனென்றால் வீணைக்குத்தான் இரண்டு உருண்டை என்று எங்கோ படித்திருக்கிறார்கள்.

இரண்டாவது உருண்டை வீணைக்கு மட்டும் சொந்தமல்ல. ரவிசங்கர் வாசித்த வகைச் சிதாரில், கீழ் ஸ்தாயித் தந்திகளோடு, மேலே ஒரு சிறிய சுரைக்குடுக்கையும் மாட்டியிருக்கும். விலாயத் கானின் பாணிச் சிதாரில் அது இருக்காது. வீணையின் சுரைக்காயும் இன்று பல நேரம் நிஜச் சுரைக்காய் அல்ல. காகிதக் கூழிலோ ஃபைபரிலோ செய்து மாட்டுவார்கள், கழற்றவும் முடியும். ஆக, இரண்டு உருண்டை இருப்பதாலோ இல்லாததாலோ எதுவும் முடிவாவதில்லை.

அதே படத்தில் கழுத்துக்கு வருவோம். கருப்பு மெழுகுக் கோடுகள் இல்லை. மெட்டுகள் வளைந்து வெளிச்சத்தில் பளிச்சிடுகின்றன. நடுவில் தெளிவாக இருக்கும் ஐந்து இடைவெளிகளில் இரண்டாவது முதலாவதைவிட நெருக்கம், மூன்றாவது மீண்டும் அகலம். கழுத்தின் மேல் விளிம்பில் நான்கைந்து சின்னப் பிரடைகள் மைக்கின் நிழலுக்கு இந்தப் பக்கம் தெரிகின்றன. கழுத்து தரையோடு சமமாக இல்லாமல் தோளை நோக்கி ஏறுகிறது. வீணையைத் தரையில் உட்கார்ந்து வாசிக்கும்போது தண்டி ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும். குடம் வலப்பக்கம் தரையிலும், சுரைக்காய் இடது தொடையிலும் அமரும். சிதாரின் குடுக்கை கால் அருகே இருக்க, கழுத்து சாய்வாக மேலே போகும். எல்லாச் சான்றும் ஒரே பக்கம்: இது மேல் குடுக்கை உள்ள சிதார். இங்கே கவனிக்க வேண்டியது, சாய்வை நான் கடைசியில்தான் சேர்த்தேன். கருவியைச் சும்மா பிடித்துக்கொண்டு எடுத்த விளம்பரப் படங்களில் யாரும் எப்படியும் பிடிப்பார்கள். தம்புராவைப் படுக்கவைத்து மீட்டுபவர்களும் உண்டு.

இடம் வலம் மாறிய படங்களும் நிறைய. முன்னால் இருந்து எடுத்த படத்தில் வீணையின் குடம் பார்ப்பவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். வலப்பக்கம் வந்தால் படம் கண்ணாடி போலத் திருப்பப்பட்டிருக்கலாம், அல்லது வாசிப்பவர் இடக்கைக்காரராக இருக்கலாம். பின்னால் உள்ள பலகையின் எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரிகிறதா என்று பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். கருவி எது என்ற முடிவை இது மாற்றாது. ஆனால் 'குடம் தப்பான பக்கம் இருக்கிறதே, இது வேறு ஏதோ' என்று குழம்பாமல் இருக்கலாம்.

மெட்டே தெரியவில்லை என்றால் உடனே தம்புரா என்று எழுதிவிடக் கூடாது. இதில் இரண்டு அபாயங்கள். ஒன்று, மெட்டு இருந்தும் படத்தில் தெரியாமல் போவது. எதிர்வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கழுத்து முழுவதும் ஒரே கருப்பாகிவிடும். படத்தின் வெளிச்சத்தை ஏற்றிப் பாருங்கள். மெட்டுகள் இருந்தால் இரண்டு மூன்றாவது மினுங்கும். அப்போதும் தெரியாவிட்டால் வாசிப்பவரின் இடக்கையைப் பாருங்கள். விரல்நுனி தந்தியை அழுத்திக்கொண்டிருந்தால் அது தம்புரா இல்லை. தம்புரா மீட்டுபவர் ஒரு கையால் தந்திகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே இருப்பார், மற்றக் கை கருவியைத் தாங்கும் அல்லது சும்மா இருக்கும்.

இரண்டாவது அபாயம், மெட்டே இல்லாத வேறு கருவிகள். கோட்டுவாத்தியம், சித்திரவீணை என்று இரண்டு பெயரிலும் வழங்கும் கருவி பார்வைக்கு அப்படியே வீணை. குடம், தண்டி எல்லாம் இருக்கும், மெட்டு மட்டும் இருக்காது. வாசிப்பவர் இடக்கையில் உருளையான ஒரு கட்டையைப் பிடித்துத் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போவார். தந்திகளோ இருபதை ஒட்டி இருக்கும், எனவே பிரடைகளை எண்ணினாலே தம்புரா இல்லை என்று தெரியும். சரோத் என்ற வடக்கத்தியக் கருவியிலும் மெட்டு கிடையாது. ஆனால் அதன் விரல்பலகை பளபளக்கும் உலோகத் தகடு. உடலின் முகப்பில் மரத்துக்குப் பதில் தோல். இரண்டும் படத்தில் எளிதில் தெரியும்.

வடக்கத்திய ருத்ரவீணையும் சில நேரம் இந்தப் பட்டியலுக்குள் வந்து குழப்பும். அதற்கு மெட்டு உண்டு, மெழுகாலேயே ஒட்டியிருக்கும், எனவே கழுத்துச் சோதனையில் வீணை என்றே வரும். இங்கேதான் உடலைப் பார்க்க வேண்டும். ருத்ரவீணையில் தண்டி ஒரு நீளக் குழல். அதன் அடியில் ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு பெரிய சுரைக்குடுக்கைகள் தொங்கும். இதுவரை வீணை என்று சொல்லிவந்த சரஸ்வதி வீணையில் குடம் தண்டியின் நேர் தொடர்ச்சி; தந்திகளைத் தாங்கும் குதிரை குடத்தின் மேல்பலகையில் நிற்கும், சுரைக்காய் மட்டுமே அடியில் மாட்டப்பட்டது. தந்தி முடியும் இடத்தில் குடம் இருக்கிறதா, குழல் மட்டும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

கிட்டார் வகைக்கு வந்தால் வேலை சுலபம். உடல் தட்டையானது, பெரும்பாலும் நடுவில் இடுப்பு ஒடுங்கியது. மெட்டுகள், அதாவது ஃப்ரெட்டுகள், விரல்பலகை மரத்திலேயே அறைந்த மெல்லிய கம்பிகள். மரத்துக்கு மேலே ஓரிரு மில்லிமீட்டர்தான் தெரியும். மெழுகும் இல்லை, நூலும் இல்லை. அதற்குள் பிரித்துச் சொல்ல, தலையில் உள்ள முறுக்கிகளை எண்ணுங்கள். ஆறு என்றால் கிட்டார். எட்டு, உடல் சிறியது, தந்திகள் இரண்டிரண்டாக நெருங்கி நான்கு ஜோடி என்றால் மாண்டலின். பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு தந்திக் கிட்டார். நான்கு என்றால் இரண்டு பதில் வரலாம்: உகுலேலே அல்லது பேஸ் கிட்டார். பிடித்திருப்பவரின் உடம்போடு ஒப்பிட்டால் போதும். உகுலேலே மார்புக்குள் அடங்கிவிடும். பேஸின் தந்தி நீளமே வழக்கமாக 86 செ.மீ. சுமார், கழுத்து தோளைத் தாண்டி வெளியே நீளும், தந்திகளும் கயிறு போலத் தடிமன்.

ஆறு தந்திக் கிட்டாரிலேயே கிளாசிக்கலா, எஃகுத் தந்தியா என்ற கேள்வியும் வரும். கிளாசிக்கலில் தலையில் இரண்டு நீள ஓட்டைகள் வெட்டியிருக்கும், நைலான் தந்திகள் குதிரையில் முடிச்சாகக் கட்டியிருக்கும், கழுத்து உடலோடு வழக்கமாக 12-ஆவது ஃப்ரெட்டில் சேரும். எஃகுத் தந்திக் கிட்டாரில் தலை பெரும்பாலும் ஓட்டையில்லாத பலகை, குதிரையில் சின்ன முளைகள் வரிசையாக இருக்கும், கழுத்து பெரும்பாலும் 14-ஆவது ஃப்ரெட்டில் சேரும். விரல்பலகையில் உள்ள புள்ளிகளை வைத்து எண்ணுவது எளிது: 3, 5, 7, 9, அப்புறம் 12-இல் வழக்கமாக இரட்டைப் புள்ளி. கிளாசிக்கலில் பலகையின் முகப்பில் புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. அதுவும் ஒரு குறிப்புதான்.

கடைசியாக, பெயரை வைத்து முடிவெடுக்காதீர்கள். 'மோகன வீணை' என்று தலைப்பிட்ட படத்தில் வளைந்த முகப்புள்ள கிட்டார் உடல் தெரிந்தால், தலைப்பும் சரி, உங்கள் கண்ணும் சரி. விஸ்வமோகன் பட் மாற்றியமைத்த அந்தக் கருவி அடிப்படையில் கிட்டார்தான். கழுத்தின் பக்கவாட்டில் கூடுதல் மரம் ஒட்டி, அனுநாதத் தந்திகளுக்கான முறுக்கிகளை அதில் வரிசையாக வைத்திருப்பார்; மடியில் படுக்கவைத்து, எஃகுக் கட்டையை வழுக்கி வாசிப்பார். மறுபுறம், 1967-இல் வந்த கோரல் மின்சார சிதார் பெயரில் சிதார். படத்தில் பார்த்தால் கிட்டார் உடல், கிட்டார் ஃப்ரெட்டுகள், உடலின் மேல் 13 அனுநாதத் தந்திகள், அகலமான தட்டைக் குதிரை. அந்தக் குதிரைதான் தந்தியை இரைய வைத்துச் சிதாரின் ஒலியைக் கொண்டுவருகிறது. கழுத்தின் இடைவெளிகளைப் பார்த்தால் சீராகக் குறுகிக்கொண்டே வரும். இது வளைந்த மெட்டுச் சிதார் இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.